சங்கத்தின் ஆண்டு விருதுக்கு என்ன பெயர் வைக்கலாம்? (பாம்பன் பக்கம், யோசனை தேவை)

பாம்பன் ராசு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சங்கம் 2006-லிருந்து வருடம் ஒருவருக்கு விருது கொடுத்து வருகிறது. பேர் ‘சிறந்த மீனவர் விருது’. பரிசு ஒரு பவுன் காசு. அதனால் ஊரில் எல்லாரும் ‘பவுன் விருது’ என்றுதான் சொல்வார்கள்.

ஆரம்பித்த பெரியவர்களின் எண்ணம் வேறு. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எதுவும் இல்லாமல் காற்றையும் நீரோட்டத்தையும் வானத்து வெள்ளியையும் பார்த்துப் போய்த் திரும்புகிறவர்கள், கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் நேர்கோட்டில் பிடித்துக் கடலுக்கு அடியில் இருக்கிற பார் என்னும் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள், அந்த வித்தையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பவர்கள்: இவர்களுக்காகத்தான் விருது. முதல் ஏழெட்டு வருடம் அப்படியே நடந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விசைப்படகு முதலாளி, ஏற்றுமதிக்காரர், கடைசியில் கட்சிக்காரர் ஒருவர் என்று போய்விட்டது. பவுனும் சிக்கல். ஆரம்பித்தபோது பத்தாயிரத்துக்குக் கீழே. இப்போது தொண்ணூறாயிரத்தையும் தாண்டிவிட்டது. ஒரு பவுன் அரைப் பவுனாகி, அதுவும் போய் ஒரு கிராம் ஆயிற்று. மேடையில் ‘பவுன் விருது’ என்று மைக்கில் சொன்னால் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

இருபது வருடம் முடிந்த இந்த நேரத்தில் பேரை மாற்றி, இனிமேல் மாற்றத் தேவையில்லாத மாதிரி செய்யலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு. யோசனைகள் இப்படி வந்திருக்கின்றன. ஸ்தாபகத் தலைவர் பேரை வைக்கச் சொல்கிறார் அவர் மகன். இளைஞர்கள் கலாம் ஐயா பேரைக் கேட்கிறார்கள். ஒரு கடல் உணவு ஏற்றுமதிக்காரர் ஐந்து லட்சம் வைப்புநிதி தருகிறேன், நிறுவனத்தின் பேர் முன்னால் வரவேண்டும் என்கிறார். இன்னும் சிலர் ‘கடல் வேந்தர் விருது’ என்று பட்டம் மாதிரி கேட்கிறார்கள்.

தடைக்காலத்தில், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது பொதுக்குழு. அதற்குள் ஒரு வழி சொல்லுங்கள்.

---

மண்டபம் தம்பி

அண்ணே, இதில் யோசிக்க என்ன இருக்கு? கலாம் ஐயா நம்ம ராமேசுவரத்தில் பிறந்தவர். அவர் பேரை வைத்தால் முதல் வருடமே பத்திரிகையில் வரும், கலெக்டர் வருவார், வாங்குகிறவருக்கும் பெருமை. புதுசாக ஒரு பேரை உருவாக்கி அதுக்கு மதிப்பு வர இருபது வருடம் காத்திருக்கணும். பெரிய மனுஷர் பேர் என்றால் மதிப்பு தானாக வந்துவிடும்.

---

நாகாச்சி முனியசாமி

ஐயா வணக்கம். இந்தச் சிறந்த மீனவர் விருதுக்கு விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்? எங்க மாமா மூன்று விசைப்படகு வைத்திருக்கிறார். போன வருடம் இறால், கணவாய் நல்ல பாடு. ஊரில் கோயில் மண்டபத்துக்குத் தகரக் கொட்டகை அவர்தான் போட்டுக் கொடுத்தார். ஆதார், படகு ஆர்.சி எல்லாம் இருக்கு. கடைசித் தேதி சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓய்வு அலுவலர்

ராசு தம்பி, மேலே முனியசாமி எழுதியிருப்பதை மறுபடி ஒருமுறை படியுங்கள். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. ‘சிறந்த மீனவர்’ என்று கேட்டால் யாருக்கும் முதலில் தோன்றுவது நிறைய மீன் பிடித்தவர், படகு வைத்திருப்பவர், ஊருக்குச் செலவு செய்பவர்தான். உங்கள் தேர்வுக் குழுவுக்கும் அதுவேதான் தோன்றியிருக்கிறது. ஸ்தாபகர்கள் மனதில் இருந்தது கடல் பற்றிய அறிவு. பேரில் அது இல்லை. பழைய தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் அதை ஞாபகத்தில் வைத்திருந்தார்கள், அவர்கள் போனதும் பேர் மட்டும் மிஞ்சியது. பேர் எதைச் சொல்கிறதோ அதை நோக்கி விருது நகர்ந்துவிட்டது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளைப் பரிசுகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூற்றுக்கும் மேற்பட்ட பரிசுகள் அந்தப் பதிவேட்டில் உண்டு. பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாத பேர்கள். அவற்றில் நன்றாக நடப்பவற்றை நீங்கள் பார்த்தால் ஒன்று தெரியும்: என்ன காரணத்துக்குப் பரிசு என்பது குறுகலாக, தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ‘சிறந்த மாணவர்’ என்று இருப்பதெல்லாம் வருடா வருடம் சண்டையில் முடியும். ‘கல்வெட்டியல் தாளில் முதல் மதிப்பெண்’ என்றால் சண்டையே கிடையாது.

மண்டபம் தம்பி சொன்னதில் பாதி சரி. பெரிய பேருக்கு உடனே கவனம் கிடைக்கும். ஆனால் அந்தக் கவனம் உங்கள் விருதின் மேல் இல்லை, அந்த மனிதர் மேல். தமிழ்நாடு அரசே 2015-லிருந்து டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் விருது தருகிறது. சுதந்திர தினத்தன்று ஐந்து லட்சம் ரூபாயும் தங்கப் பதக்கமும். முதல் வருடம் வாங்கியவர் இஸ்ரோ விஞ்ஞானி வளர்மதி. அதுபோக பள்ளிக்கூடம், ரோட்டரி, நற்பணி மன்றம் என்று எத்தனை கலாம் விருதுகள் என்று எண்ணி முடியாது. உங்கள் ஆள் ‘எனக்குக் கலாம் விருது கிடைத்தது’ என்று சொன்னால் கேட்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தக் கலாம் விருது?’ அவர் ‘நம்ம ஊர்ச் சங்கத்தில்…’ என்று இழுக்கும்போதே பாதி மதிப்பு போய்விடும். இன்னொன்று, கலாம் என்றதும் நினைவுக்கு வருவது ராக்கெட், மாணவர்கள், கனவு. வெள்ளி பார்த்து வள்ளம் விடும் ஒரு கிழவரை அந்தப் பேரோடு சேர்க்க நீங்கள் ஒவ்வொரு வருடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

---

மண்டபம் தம்பி

சரி சார், எந்தக் கலாம் விருது என்ற கேள்வி நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனால் கலாம் ஐயா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இந்தக் கடல்தான் அவர் கண் முன்னால் இருந்தது. ஒரேயடியாகச் சம்பந்தமில்லை என்று சொல்லாதீங்க. ஆள் பேரே கூடாதா அப்போ? நோபல் ஆள் பேர்தானே?

---

ஓய்வு அலுவலர்

நோபல் பணம் போட்டவரின் பேர். அவர் உயிலில் எந்தத் துறைகளுக்கு என்றும் எழுதி வைத்தார். அப்படி ஒரு உயில் நம்மிடம் இல்லை.

ஆள் பேர் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. அதன் பாரத்தை மட்டும் தெரிந்துகொண்டு வையுங்கள். விளையாட்டுத் துறையில் நடந்ததைப் பாருங்கள். ராஜீவ் காந்தி கேல் ரத்னா என்று இருந்ததை 2021 ஆகஸ்டில் மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா என்று மாற்றினார்கள். தியான் சந்த் ஹாக்கிக்காரர், பொருத்தம்தான். ஆனால் அவர் பேரில் 2002 முதல் வாழ்நாள் சாதனை விருது ஒன்று ஏற்கெனவே இருந்தது. சில வருடம் ஒரே பேரில் இரண்டு விருதுகள். பிறகு அந்த வாழ்நாள் விருதை அர்ஜுனா வாழ்நாள் விருது என்று ஆக்கினார்கள். ஒரு பேரை அசைத்தால் இன்னொன்றும் அசைகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இத்தனை மாற்றத்திலும் ‘கேல் ரத்னா’ என்ற பகுதி நின்றுவிட்டது. விளையாட்டு வீரர்கள் அன்றும் இன்றும் ‘கேல் ரத்னா’ என்றுதான் சொல்கிறார்கள். ஆள் பேர் முன்னொட்டாகத்தான் வந்து போனது.

அரசாங்கத்துக்கே இந்தப் பாடு. ஊரில் ஸ்தாபகர் பேரை வைத்தால் இன்னொன்றும் வரும். அவர் எந்தத் தெரு, எந்தச் சனம் என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். நான் விரிக்க விரும்பவில்லை. உங்களுக்கே தெரியும்.

---

தொண்டிக்காரன்

ஆள் பேர் பற்றி எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். எங்க அத்தா ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் மவுத்தான பிறகு பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பேரில் பரிசு வைத்தாங்க. பள்ளிக்கூடம் பேரெல்லாம் வேண்டாம். நாங்க அண்ணன் தம்பிகள் பாதிப் பணம் போட்டோம். முதல் இரண்டு வருடம் நல்லா போச்சு. மூன்றாவது வருடம் என் பெரிய அண்ணன், ‘நம்ம அத்தா பேர்ல கொடுக்கிற பரிசு, யாருக்குன்னு நம்மகிட்ட கேட்க வேண்டாமா’ன்னு ஆரம்பிச்சார். அடுத்த வருடம் எங்க மச்சான் மகனுக்குப் பரிசு. பிள்ளை நல்லாப் படிக்கிறவன்தான், ஆனா யார் நம்புவா? அதோட மாணவர்கள் பணம் தர்றதை நிறுத்திட்டாங்க. பரிசு இப்போ பேப்பர்ல மட்டும் இருக்கு.

ஸ்தாபகர் மகன் கேட்கிறார்னு ராசு அண்ணன் எழுதியிருக்கார். மகன் நல்லவரா இருக்கலாம். பேரன் எப்படின்னு யாருக்குத் தெரியும்.

---

பாம்பன் ராசு

இதை அப்படியே குழுவில் வாசித்துக் காட்டப் போகிறேன் பாய். ஏற்றுமதிக்காரர் விஷயம் சொல்லுங்க சார். ஐந்து லட்சம் எங்களுக்குப் பெரிய தொகை. விட மனசு வரவில்லை.

---

ஓய்வு அலுவலர்

பணத்தை விட வேண்டாம். பேரை விற்காமல் வாங்க வழி உண்டா என்று பார்க்கலாம்.

லண்டனில் 1969-ல் புக்கர் என்ற நிறுவனம் நாவலுக்கு ஒரு பரிசு ஆரம்பித்தது. 2002-ல் மேன் குழுமம் பணம் கொடுக்க வந்து ‘மேன் புக்கர்’ ஆனது. 2019-ல் மேன் விலகியதும் வேறொரு அறக்கட்டளை பணம் கொடுக்கத் தொடங்கியது, அது தன் பேரை வைக்கவில்லை. மறுபடி ‘புக்கர்’. நடுவில் பதினேழு வருடமும் வாசகர்கள் வாயில் புக்கர் என்ற ஒரு சொல்தான் இருந்தது. கொடையாளி பேரை முன்னால் ஒட்டினால் கொடையாளி போகும்போது பழைய பதக்கம், கேடயம், பேனர், பத்திரிகைச் செய்தி எல்லாம் பழைய பேரோடு நிற்கும். கம்பெனி கைமாறினாலும் மூடினாலும் அந்தக் கறை உங்கள் விருதின் மேல்தான். உங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஏற்றுமதிக்காரர் இறால் வாங்குவது விசைப்படகிலிருந்து. விருது பெற வேண்டியவர்களில் பெரும்பாலோர் நாட்டுப்படகுக்காரர்கள். யாருக்கு எந்த நாள் கடல் என்று இந்த இரண்டு தரப்புக்கும் நடக்கும் சண்டை உங்களுக்குப் புதிதில்லை. மேடையில் அந்த நிறுவனத்தின் பேர் பெரிதாக இருந்தால் பாதிப்பேர் வாங்கவே வரமாட்டார்கள்.

கணக்கையும் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி என்றால் வருடம் 32,500. அதில் 25,000 பரிசு, மீதி கேடயம், சால்வை என்று கொடுத்துவிட்டால் முதல் வளரவே வளராது. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் இருபது வருடம் கழித்து அந்த 25,000-க்கு இன்றைய மதிப்பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். நிறுவனத்தின் பேர் மட்டும் என்றென்றைக்கும் முன்னால் நிற்கும். எங்கள் பதிவேட்டில் பத்தாயிரம் ரூபாய் வைப்புநிதியில் ஒரு பரிசு இருந்தது. நான் ஓய்வு பெறும் சமயம் அதன் வருட வட்டி எழுநூறு ரூபாய். தங்கப் பதக்கம் என்று பேர், கொடுத்தது முலாம் பூசியது.

அதனால் முதல் வருடமே 20,000 மட்டும் கொடுங்கள். மீதி 12,500-ஐ வைப்புநிதியிலேயே சேருங்கள். வருடா வருடம் வட்டியை இதே விகிதத்தில் பிரித்துக்கொண்டே போனால் இருபது வருடத்தில் முதல் எட்டு லட்சத்துக்கு மேல் ஆகும், பரிசு முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும். விலைவாசியை முழுக்க எட்டாது, ஆனால் பவுன் கிராமான கதை திரும்ப வராது. பேரில் தொகையோ தங்கமோ எந்தக் காரணத்துக்கும் வரவேண்டாம். ‘பவுன்’ என்ற ஒரு சொல்தான் உங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அவருக்கு அழைப்பிதழில் ஒரு வரி கொடுங்கள்: ‘இவ்வாண்டுப் பரிசுத்தொகை இன்னாரின் வைப்புநிதியிலிருந்து’. அவர் ஒத்துக்கொண்டால் நல்லது.

---

சின்னப்பாலம் மகள்

ராசு அண்ணே, நான் கேட்கிறது கொஞ்சம் வேற. இருபது வருஷத்தில் ஒரு பொம்பளைக்காவது கொடுத்திருக்கீங்களா?

எங்க அம்மா பாசி எடுக்கிறவங்க. மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் எப்போ இருக்கும், அமாவாசைக்கு எத்தனாம் நாள் எந்தத் தீவுப் பக்கம் நீர் வத்தும், எந்தப் பக்கம் இழுக்கும், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு முங்கி எடுக்கிறாங்க. இது கடல் அறிவு இல்லையா? ஆனா ‘மீனவர்’ன்னு பேர் இருந்தா எங்க அம்மா பேர் யார் வாயிலும் வராது. எங்க சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல் அமெரிக்காவிலிருந்து சீகாலஜி பரிசு கொடுத்தாங்க. தீவுகளைக் காப்பாத்துற ஆளுங்களுக்கான பரிசு அது. கலிபோர்னியாவில் இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது, நாலு கிலோமீட்டர்ல இருக்கிற உங்க சங்கத்துக்குத் தெரியலையே.

---

பாம்பன் ராசு

கொடுத்ததில்லை தங்கச்சி. பேச்சு வந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

---

ஓய்வு அலுவலர்

இந்தப் பெண் கேட்டதுதான் இழையிலேயே முக்கியமான கேள்வி. சீகாலஜி பரிசையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கத் தேடுகிறார்கள், ஆனால் தீவு என்ற வேலியைத் தாண்டுவதில்லை. வேலி இருப்பதால்தான் பாம்பனில் பாசி எடுக்கும் ஒருவர் அவர்கள் கண்ணில் பட்டார். ‘சிறந்த சுற்றுச்சூழல் ஆர்வலர்’ என்று வைத்திருந்தால் பெரிய நகரத்து ஆட்களோடு அவர் போட்டியிட வேண்டியிருக்கும்.

அதனால் ஆளின் தொழிலைப் பேரில் வைக்காதீர்கள். அவரிடம் இருக்கிற அறிவை வையுங்கள். மீனவர், மீனவப் பெண், படகோட்டி, பாசிக்காரர், சங்கு குளிப்பவர் எல்லாரும் உள்ளே வரலாம். முதலாளியும் கட்சிக்காரரும் தானாக வெளியே நிற்பார்கள்.

---

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க ஊர்ல மரக்கலம் ஓடிய காலத்தில் கப்பலை நடத்தினவருக்குத் தண்டல்னு பேர். காற்று, கரை, ஆழம் எல்லாம் அவர் கணக்கு. சொன்னா எல்லாரும் கேட்கணும். ‘தண்டல் விருது’ன்னு வைங்க. மணியான பேர், வேற எவனும் வைக்கலை.

---

மண்டபம் தம்பி

காக்கா, மெட்ராஸ்ல தண்டல்னா தினவட்டி வசூல். விருது வாங்கின ஆளைப் பார்த்துக் கடன்காரன் ஓடுவான் 😄

‘பார் விருது’ன்னு வைக்கலாம்னு எங்க கேங்ல ஒருத்தன் சொன்னான். அதுக்கு டாஸ்மாக்கே ஸ்பான்சர் பண்ணும்.

---

தொண்டிக்காரன்

ஆவுளியா விருதுன்னு வைக்கலாமே. இந்தக் கடலுக்கே உரியது. இளைஞர்களுக்கும் பிடிக்கும். சின்னம் வரையவும் அழகாக இருக்கும்.

---

ஓய்வு அலுவலர்

ஆவுளியா அழகுதான். ஆனால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யோசியுங்கள். அது காட்டுயிர்ச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அந்தப் பேர் வைத்தால் கேட்கிறவர் கடல்பசுவைக் காப்பாற்றியவருக்கான விருது என்றுதான் எடுத்துக்கொள்வார். வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்த மீனவர்கள் உண்டு, அவர்களுக்குத் தனியாகச் செய்ய வேண்டிய மரியாதை அது. உங்கள் விருது ஐந்தே வருடத்தில் வனத்துறை, ஆராய்ச்சி நிலையம் என்று போய்விடும். அவர்களுக்குப் பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கிழவருக்கும் சின்னப்பாலத்து அம்மாவுக்கும் இடம் இருக்காது.

தண்டல் எனக்கு மிகவும் பிடித்தது, காக்கா. தம்பி கேலியாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. வெளியூர்ப் பத்திரிகைக்காரர் தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டும். அதைவிட, தண்டல் என்றால் ஆண். மறுபடி பழைய இடத்துக்கே வருகிறோம்.

---

கீழக்கரை காக்கா

வெளியூர்க்காரனுக்குப் புரியணும்னு நம்ம வார்த்தையை விடுறதா? நாம சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குப் புரியும். இதை நான் ஒத்துக்க மாட்டேன். பெண்கள் விஷயம் வேற, அது சரி.

அப்போ காற்றுப் பேர் பாருங்க. வாடை, கொண்டல், கச்சான், சோழகம். காற்று தெரியாதவன் கடலுக்குப் போக முடியாது. ஆணுக்கும் பொதுவு, பெண்ணுக்கும் பொதுவு. சாதி மதம் கிடையாது. ‘கொண்டல் விருது’ன்னா வாயில நிக்கும்.

---

சின்னப்பாலம் மகள்

கொண்டல் நல்லா இருக்கு காக்கா. வாடைன்னு மட்டும் வெச்சிடாதீங்க, வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிச்சு எத்தனை வீட்டில் ஆள் போயிருக்கு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதும் வாடைக்காலத்தில்தான்.

---

ஓய்வு அலுவலர்

கொண்டலை நான் கொஞ்சம் சோதித்துப் பார்த்தேன். மூன்று சோதனை எங்கள் அலுவலகத்தில் வழக்கம்.

ஒன்று, மைக்கில் சொல்லிப் பார்ப்பது. ‘இவ்வாண்டின் கொண்டல் விருது பெறுபவர்…’ தடுக்கவில்லை. இரண்டாவது, விருது வாங்கியவர் பேத்தியிடம் எப்படிச் சொல்வார் என்பது. ‘எனக்குக் கொண்டல் கொடுத்தாங்க’. நீளமான பேர் வைத்தால் சனங்கள் அதைத் தாங்களே வெட்டிச் சுருக்கிவிடுவார்கள், எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பவுன் அப்படி வெட்டப்பட்ட பேர்தானே. மூன்றாவதாக, அதே பேரில் பக்கத்தில் வேறு விருது உண்டா என்று தேடுவது. இதை நீங்கள்தான் செய்யவேண்டும். மாவட்டத்தில் விசாரியுங்கள், இணையத்திலும் தேடுங்கள்.

ஒரு குறை உண்டு. கொண்டல் அழகான சொல், ஆனால் அது மட்டும் எதற்காக விருது என்று சொல்லாது. இலக்கிய மன்றத்துக்காரர்கள் கவிதைக்கான பரிசு என்று நினைக்கலாம். அதனால் எப்போதும் இரண்டு பகுதியாக எழுதுங்கள். மேலே ‘கொண்டல் விருது’. கீழே சிறிய எழுத்தில் ‘கடலறிவைக் காத்து வழங்குவோருக்கு’. கேடயம், அழைப்பிதழ், தீர்மானப் புத்தகம் எங்கும் கீழ்வரி விடுபடக் கூடாது. சனங்கள் வாயில் இருப்பது முதல் பகுதி. தேர்வுக் குழுவைக் கட்டிப்போடுவது இரண்டாவது.

---

மண்டபம் தம்பி

கீழ்வரியே நல்லா இருக்கே. நேரா ‘கடலறிவு விருது’ன்னே வெச்சா என்ன? விளக்கம் தேவையில்லை. ஒரே வரி.

---

ஓய்வு அலுவலர்

தப்பில்லை தம்பி. சொல்லப்போனால் அது பாதுகாப்பான பேர். எனக்கு இருக்கிற ஒரே தயக்கம், கடல் ஆய்வு படித்த பேராசிரியர்களும் அதை உரிமையோடு கேட்பார்கள். முடிவு உங்கள் பொதுக்குழுவின் கையில்.

---

பாம்பன் ராசு

ராத்திரி உட்கார்ந்து தீர்மானத்துக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். பார்த்துத் திருத்துங்க.

‘வடகடல், தென்கடல் கரையில் காற்று, நீரோட்டம், வெள்ளி, பார், பாசி, மீன் இவை பற்றிய அறிவைத் தம் அனுபவத்தால் பெற்று, குறைந்தது ஒருவருக்காவது கற்றுக் கொடுத்தவருக்கு ஆண்டுதோறும் இவ்விருது வழங்கப்படும். ஆண், பெண் இருபாலருக்கும் பொது. படகு உடைமை, நன்கொடை, பதவி ஆகியவை கணக்கில் கொள்ளப்படா. பரிந்துரையுடன், அவரிடம் கற்றுக்கொண்டவர் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். தகுதியானவர் இல்லாத ஆண்டில் விருது வழங்கப்படாது. சங்க நிர்வாகிகளும் அவர்களின் குடும்பத்தாரும் பதவிக்காலத்தில் பெற இயலாது. பெயரை மாற்ற அடுத்தடுத்த இரண்டு பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற வேண்டும்.’

ஸ்தாபகர் பேரை விருது நாளில் நடக்கிற சொற்பொழிவுக்கு வைக்கலாம் என்று அவர் மகனிடம் பேசினேன். முழு மனசாக இல்லை, ஆனால் எதிர்க்கவில்லை. ஏற்றுமதிக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

ஓய்வு அலுவலர்

சாட்சி சொல்ல வேண்டும் என்ற வரி மிக நல்லது. கற்றுக்கொண்டவரே வந்து நிற்க வேண்டும் என்றால் முதலாளியால் ஆள் பிடிக்க முடியாது. பிடித்தாலும் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். சாட்சியிடம் கேட்கும் கேள்வியை ஒரு வயதான நாட்டுப்படகுக்காரரும் ஒரு பாசி எடுக்கும் அம்மாவும் கேட்கட்டும், செயலாளர் வேண்டாம்.

விருது இல்லாத வருடம் என்பதில் உறுதியாக இருங்கள். முதல் முறை செய்யும்போது ஊர் ஏசும். பந்தல் போட்டாயிற்று, எம்.எல்.ஏ.வுக்குச் சொல்லியாயிற்று, யாருக்காவது கொடுங்கள் என்பார்கள். அந்த ஒரு வருடத்தில் வளைந்தால் அடுத்த வருடம் வரிசையில் முனியசாமியின் மாமா நிற்பார். முனியசாமி கோபித்துக்கொள்ளக் கூடாது.

---

நாகாச்சி முனியசாமி

கோபம் இல்லை சார். மாமாவோட அப்பா 78 வயசு. இன்னமும் வெள்ளி பார்த்து மணி சொல்வார். என் தம்பிக்கு அவர்தான் வலை வைக்கிற இடமெல்லாம் காட்டிக் கொடுத்தார். அவருக்குப் போடலாமா?

---

பாம்பன் ராசு

அவருக்குத்தான் போடணும் முனியசாமி. தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்க.

---

தொண்டிக்காரன்

ஒன்று விட்டுப்போச்சு அண்ணே. பழைய இருபது பேரை என்ன செய்யப் போறீங்க? அவங்களும் ‘கொண்டல் விருது பெற்றவர்’னு போட்டுக்கலாமா?

---

கீழக்கரை காக்கா

முதல் எட்டுப் பேரைச் சேர்க்கலாம். மத்தவங்களை விட்டுடுங்க.

---

ஓய்வு அலுவலர்

அப்படிச் செய்தால் விட்டுப்போன பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் உங்கள் விருதுக்கு ஆயுள் எதிரி. மறைத்தாலும் தெரியும், சேர்த்தாலும் தெரியும். பட்டியலை 2006-லிருந்து ஒரே தொடராக அச்சிடுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கு எதிரிலும் அப்போது என்ன பேரில் கொடுத்தீர்களோ அதையே போடுங்கள். இருபது வருடப் பழமை உங்களுக்குக் கிடைக்கும், புதுப் பேர் யார் மேலும் பின்தேதியிட்டு ஒட்டாது.

---

சின்னப்பாலம் மகள்

அந்தப் பட்டியலில் இருபதும் ஆம்பளைங்க பேர்தான் இருக்கும் சார். அதைக் கேடயத்துக்குப் பின்னால் அச்சடிச்சுக் கொடுத்தா, அடுத்த வருஷம் வாங்கப் போற அம்மா அதைத்தான் வீட்டு ஆணியில மாட்டணுமா?

---

பாம்பன் ராசு

பட்டியல் சங்க அலுவலகச் சுவரில் இருக்கட்டும், கேடயத்தில் வேண்டாம் என்று நான் நினைக்கிறேன். செயலாளர் கேடயத்திலும் வேண்டும் என்று நிற்கிறார். பேர் கொண்டலா கடலறிவா என்பதோடு இதையும் பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடப் போகிறேன். தங்கச்சி, அன்றைக்கு உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. உறுப்பினர் சந்தா அம்பது ரூபாய்தான், கட்டினால் அன்றைக்கே ஓட்டுப் போடலாம்.